கல்யாண விருந்தினர் பட்டியலில் கணக்கு இடிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிங்கப்பூரில் மாலை விருந்தை ஹோட்டல் கூடத்தில் வைக்கும் குடும்பங்களுக்குத் திருமணத்துக்கு ஓரிரு வாரம் முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். கடைசி எண்ணிக்கை எவ்வளவு, எத்தனை மேசை, அதில் சைவம் எத்தனை என்று கேட்பார்கள். அந்தத் தேதி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். குறைந்தபட்சம் இத்தனை மேசைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கும். அந்த அழைப்பு வரும்போது பட்டியலைத் திறந்தால் வருவோர் கணக்கு ஒன்று சொல்கிறது, மேசைக் கணக்கு வேறொன்று சொல்கிறது. பெண் வீட்டார் கையால் எண்ணி வைத்திருப்பது மூன்றாவதாக ஒன்று.

அந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்த வழிமுறை. கூகிள் ஷீட்ஸை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இரண்டு வீட்டாரும் ஒரே பட்டியலைக் கைபேசியிலேயே திறந்து திருத்த இங்கே பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முதலில் பட்டியலின் அமைப்பு

கீழே வரும் சூத்திரங்கள் எல்லாம் இந்த அமைப்பை நம்பி இருக்கின்றன. இரண்டு தாள்கள் வேண்டும். முதல் தாளின் பெயர் "குடும்பம்". ஒரு வரிசை என்றால் ஓர் அழைப்பிதழ், அதாவது ஒரு வீடு. A நெடுவரிசையில் K001, K002 என்று எண், B-யில் பெயர், C-யில் பெண் வீடா மாப்பிள்ளை வீடா, D-யில் கைபேசி எண், E-யில் அழைப்பு நிலை, F-இல் பதில், G-யில் நாம் அழைத்த எண்ணிக்கை, H-இல் அவர்கள் வருவதாகச் சொன்ன எண்ணிக்கை, I-யில் அதில் சைவம் எத்தனை பேர். J மிச்சக் கணக்குக்கு, K குறிப்புக்கு.

இரண்டாவது தாள் "மேசை". இதில் A-யில் மேசை எண், B-யில் குடும்ப எண், C-யில் அந்த மேசையில் அந்தக் குடும்பத்திலிருந்து எத்தனை பேர். ஒரு வீட்டிலிருந்து பெற்றோர் ஒரு மேசையிலும் பிள்ளைகள் இருவர் சித்தி மகளின் மேசையிலும் உட்கார்ந்தால், அந்த வீட்டுக்கு இந்தத் தாளில் இரண்டு வரிசை வரும். மேசை எண்ணை முதல் தாளிலேயே ஒரு நெடுவரிசையாக வைத்து விட்டால் "5, 8" என்று ஒரே கட்டத்தில் எழுத வேண்டிவரும். அதற்குப் பிறகு எந்த மேசையில் எத்தனை பேர் என்று எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது.

காலையில் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் முகூர்த்தம், பி.ஜி.பி. மண்டபத்தில் சைவச் சாப்பாடு, மாலையில் ஹோட்டல் விருந்து என்று இரண்டு நிகழ்ச்சி இருந்தால், காலைக்குத் தனியாக ஒரு நெடுவரிசை வையுங்கள். காலையில் ஆறு பேராக வரும் வீடு மாலையில் இரண்டு பேராக வரும். இரண்டையும் ஒரே எண்ணில் அடக்க முடியாது. இங்கே நான் பேசப்போவது மாலைக் கணக்கை மட்டும்.

அறிகுறி: வருவோர் கூட்டுத்தொகை திடீரென்று 46,000-ஐத் தாண்டுகிறது

மாமாவிடம் எத்தனை பேர் என்று கேட்டால் "ரெண்டு மூணு பேர் வருவோம்" என்பார். கேட்டவர் அப்படியே 2-3 அல்லது 2/3 என்று தட்டுவார். ஷீட்ஸ் அதைத் தேதியாக எடுத்துக்கொள்கிறது. நாள் முதலில் வரும் அமைப்பில் அது மார்ச் 2. ஷீட்ஸுக்குள் ஒவ்வொரு தேதியும் ஓர் எண்தான். 2026 மார்ச் 2 என்பது உள்ளே 46,083. கூட்டும்போது அந்த எண்தான் கூடும்.

கண்டுபிடிக்க ஓர் ஓரக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIF(H2:H, ">20")
```

பூஜ்யத்துக்கு மேல் எது வந்தாலும் H நெடுவரிசையை இறங்கு வரிசையில் பார்த்தால் குற்றவாளி மேலே நிற்கும். அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, வடிவத்தை `Format → Number → Automatic` என்று மாற்றிய பிறகு எண்ணைப் போடுங்கள். வடிவத்தை மாற்றாமல் 3 என்று தட்டினால் அது 1900-ஆம் ஆண்டின் ஒரு தேதி போலத் தெரிந்து, பார்ப்பவரைக் குழப்பும்.

எந்த எண்ணைப் போடுவது? பெரியதை. "ரெண்டு மூணு" என்றால் 3 போட்டு, குறிப்பில் "மீண்டும் கேட்க" என்று எழுதுங்கள். நாற்காலி ஒன்று காலியாக இருந்தால் யாருக்கும் மனம் கோணாது. வந்தவர் நிற்க வேண்டிவந்தால் அந்த உறவில் அது பல வருடம் பேசப்படும்.

அறிகுறி: கூட்டுத்தொகை கையால் எண்ணியதைவிடக் குறைவாக வருகிறது

இதற்கு மூன்று காரணங்களைத்தான் நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன்.

முதலாவது, எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து இருக்கிறது. "4 பேர்", "2+1 குழந்தை" என்பவை மனிதருக்கு எண், ஷீட்ஸுக்கு வெறும் எழுத்து. `SUM` எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், பிழை என்றும் காட்டாது. இதனால்தான் இது ஆபத்து. எத்தனை கட்டங்களில் இப்படி இருக்கிறது என்று பார்க்க:

```
=SUMPRODUCT(--ISTEXT(H2:H))
```

இன்னோர் எளிய அடையாளமும் உண்டு. நீங்களாக ஒதுக்கி வைக்காதவரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். H நெடுவரிசையை மேலிருந்து கீழ் வரை பார்த்தால் இடப்பக்கம் நிற்பது கண்ணில் படும்.

இரண்டாவது, பதில் நெடுவரிசையில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் "வருகிறார்கள்", இன்னொருவர் "வருகிறோம்", மூன்றாமவர் "ஓகே". கூட்டும் சூத்திரம் ஒரே சொல்லைத்தான் தேடும்:

```
=SUMIFS(H2:H, F2:F, "வருகிறார்கள்")
```

F நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து `Data → Data validation` வழியாகக் கீழிறங்கும் பட்டியல் ஒன்றை வையுங்கள். "வருகிறார்கள்", "வரவில்லை", "இன்னும் சொல்லவில்லை" என்ற மூன்று போதும். தவறானதை ஏற்காதபடி `Reject the input` என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே தவறாக இருப்பவை தாமாக மாறாது. அவற்றின் மூலையில் சிவப்பு முக்கோணம் தெரியும், ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். H நெடுவரிசைக்கும் இதேபோல் 0 முதல் 20 வரை எண்ணை மட்டும் ஏற்கும் விதி வைத்தால் மேலே சொன்ன தேதிச் சிக்கலும் "4 பேர்" சிக்கலும் இனிமேல் நுழையாது.

மூன்றாவது, பதில் வந்துவிட்டது, எண்ணிக்கை வரவில்லை. இதுதான் நம் வீடுகளில் பெரிய ஓட்டை. அழைப்பிதழில் "குடும்பத்துடன் வருக" என்று அச்சிட்டிருக்கிறோம். அதனால் பதிலும் அதே அளவுக்குத்தான் திட்டமாக வருகிறது. பெண்ணின் சித்தப்பா தன் பெரியப்பா மகனை அழைத்துக் கேட்கும்போது இப்படித்தான் போகும்:

"அண்ணே, சாயங்கால விருந்துக்கு நம்ம வீட்டுல எல்லாரும் வர்றீங்கல்ல?"

"என்னப்பா கேள்வி, குடும்பத்தோட வர்றோம்."

சித்தப்பா மகிழ்ச்சியோடு "வருகிறார்கள்" என்று குறித்து வைத்துவிடுவார். H காலியாக இருக்கும். கணக்கில் அந்த வீடு பூஜ்யம். இப்படி எத்தனை வீடு என்று பார்க்க:

```
=COUNTIFS(F2:F, "வருகிறார்கள்", H2:H, "")
```

இந்த எண் பூஜ்யமாகும் வரை ஹோட்டலுக்கு எதுவும் சொல்லாதீர்கள். மீண்டும் கேட்கும்போது எத்தனை பேர் என்று நேரடியாகக் கேட்டால் பெரியவர்களுக்குச் சுருக்கென்று படும், ஆளை அளந்து கூப்பிடுவது போல. பேர் சொல்லிக் கேட்பதுதான் நல்லது. "அண்ணே, உங்களையும் அண்ணியையும் மணமேடைக்குப் பக்கத்துல போட்டிருக்கேன். தம்பி முகிலும் மருமகளும் வர்றாங்களா? கைக்குழந்தைக்குத் தனி நாற்காலி வைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் அவரே ஒவ்வொருவராக எண்ணிச் சொல்லிவிடுவார். நாற்காலி ஒதுக்கத்தான் கேட்கிறோம் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது.

G-யும் H-உம் தனித்தனியாக இருப்பதற்கு இதுவே காரணம். ஐந்து பேரை அழைத்தோம், மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள் என்றால் ஐந்தை அழித்து மூன்று எழுதக் கூடாது. இரண்டும் இருந்தால்தான் இன்னும் பதில் சொல்லாத வீடுகளிலிருந்து அதிகபட்சம் எத்தனை பேர் வரக்கூடும் என்று G-யிலிருந்து தெரியும்.

வடிகட்டி போட்டிருக்கும்போது கூட்டுத்தொகை மாறவில்லையே என்று குழம்புபவர்களுக்கு ஒரு வரி: `SUM` மறைந்திருக்கும் வரிசைகளையும் கூட்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் கூட்ட `=SUBTOTAL(109, H2:H)`.

அறிகுறி: பெயர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் #N/A என்கிறது

இரண்டு தாள்களையும் பெயரை வைத்து இணைத்தவர்களுக்கு வரும் சிக்கல் இது. "கோபால்" குடும்பம் தாளிலும் இருக்கிறது, மேசை தாளிலும் இருக்கிறது. `XLOOKUP` அல்லது `VLOOKUP` இல்லை என்கிறது.

முதலில் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் அடிக்கடி வரும். `=TRIM(B2)` அதை நீக்கிவிடும். அதன் பிறகும் சேரவில்லையென்றால் தமிழுக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒருங்குறியில் "கோ" என்பதன் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒரே குறியாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு மாறாமல் ஒன்றுபோலத் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலோ, பி.டி.எஃப். கோப்பிலிருந்து எடுத்து ஒட்டிய பெயரோ உடைந்த வடிவத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு.

உறுதிசெய்ய `=LEN(TRIM(B2))` என்று இரண்டு தாளிலும் போட்டுப் பாருங்கள். "கோபால்" சரியான வடிவத்தில் 6 வரும், உடைந்த வடிவத்தில் 7 வரும். சரிசெய்ய:

```
=SUBSTITUTE(B2, UNICHAR(3015)&UNICHAR(3006), UNICHAR(3019))
```

இது ஓகாரத்துக்கு. ஒகாரத்துக்கு, அதாவது "பொன்னி" போன்ற பெயர்களுக்கு, 3015-க்குப் பதில் 3014, 3019-க்குப் பதில் 3018.

இவ்வளவும் ஒரு வாட்டி துப்புரவு செய்யத்தான். நிரந்தர வழி, பெயரால் இணைக்காமல் K001 போன்ற எண்ணால் இணைப்பது. நம் பட்டியலில் ஒரே பெயரில் மூன்று லட்சுமி அத்தையாவது இருப்பார்கள். அதற்காகவும் எண் வேண்டும்.

அறிகுறி: ஒரே வீடு இரண்டு தடவை வருகிறது

பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே பேட்டையில் நீண்ட நாள் இருந்தவர்கள் என்றால், அல்லது ஒரே கோயில் தொண்டூழியர்கள் என்றால், இரு பக்கமும் ஒரே வீட்டை எழுதியிருக்கும். பெயர் உதவாது. இவர் "சுப்பையா அண்ணன்" என்பார், அவர் "உட்லண்ட்ஸ் மாமா" என்பார். கைபேசி எண்ணைப் பிடியுங்கள். அதையும் ஒருவர் +65 சேர்த்து, ஒருவர் நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருப்பார். D நெடுவரிசையை முதலில் `Format → Number → Plain text` ஆக்குங்கள். இல்லாவிட்டால் + குறியில் தொடங்குவதைச் சூத்திரம் என்று நினைத்து இடைவெளி உள்ள எண்ணுக்கு #ERROR! காட்டும். பிறகு காலியான M நெடுவரிசையில்:

```
=RIGHT(REGEXREPLACE(TO_TEXT(D2), "\D", ""), 8)
```

சிங்கப்பூர் எண்கள் எட்டு இலக்கம் என்பதால் கடைசி எட்டு போதும். ஜோகூர், சென்னை எண்களுக்கும் இந்த எட்டே பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டிவிடும். பக்கத்தில் `=COUNTIF(M$2:M, M2)` போட்டால் 2 வருபவை இரட்டை. எண் இல்லாத வரிசைகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

அம்மாவின் எண் ஒரு பக்கமும் மகனின் எண் இன்னொரு பக்கமும் இருந்தால் இது பிடிக்காது. அதற்கு இரு வீட்டாரும் ஒரு மாலை உட்கார்ந்து பட்டியலை வாய்விட்டுப் படிப்பதைத் தவிர வழியில்லை. இரட்டை வரிசையை நீக்கும்போது எந்த வரிசையில் பதில் பதிவாகியிருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நீக்கும் முன் மேசை தாளில் அதன் எண்ணுக்கு இடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: மேசைக் கணக்கும் வருவோர் கணக்கும் ஒத்துவரவில்லை

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் விடிந்தாலும் முடியாது. வரிசைக்கு வரிசை ஒப்பிட வேண்டும். குடும்பம் தாளில் J நெடுவரிசைக்கு:

```
=IF(F2="வருகிறார்கள்", H2, 0)-SUMIFS('மேசை'!C:C, 'மேசை'!B:B, A2)
```

பூஜ்யம் என்றால் அந்த வீடு சரி. மிகை எண் என்றால் அத்தனை பேருக்கு இன்னும் நாற்காலி இல்லை. குறை எண் என்றால் வராதவருக்கு நாற்காலி போட்டிருக்கிறோம். மேசை தாளில் D நெடுவரிசைக்கு இன்னொன்று:

```
=IF(COUNTIF('குடும்பம்'!A:A, B2)=0, "எண் இல்லை", "")
```

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஒப்பந்தம் 30 மேசைக்கு, மேசைக்குப் பத்து பேர். வருவோர் கூட்டுத்தொகை 271 என்கிறது. மேசை தாளின் C நெடுவரிசையைக் கூட்டினால் 283. வித்தியாசம் 12. J நெடுவரிசையில் பூஜ்யமல்லாதவற்றை மட்டும் வடிகட்டினால் ஐந்து வீடுகள் நிற்கின்றன.

K023-க்கு −5. முதலில் வருவதாகச் சொல்லி, பிறகு வர முடியவில்லை என்று சொன்ன வீடு. பதிலை மாற்றியவர் மேசை தாளைத் தொடவில்லை. ஐந்து நாற்காலிகளை எடுக்க வேண்டும்.

K047-இல் எண்ணே இல்லை, #VALUE! என்று நிற்கிறது. H-இல் "4 பேர்" என்று இருக்கிறது. இங்கே மேசை சரி, வருவோர் கணக்குத்தான் நான்கு குறைவு.

K068-க்கு −2. பிள்ளைகள் இருவரை இளையவர்கள் மேசைக்கு மாற்றியபோது, பழைய மேசையில் 4 என்பதை 2 ஆக்க மறந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து வருவதே இரண்டு பிள்ளைகளும் பெற்றோரும் சேர்த்து நான்கு, போட்டிருப்பது ஆறு.

K102-க்கு −1. ஐந்து பேர் வருகிறார்கள், ஆறாவதாகக் கைக்குழந்தையைச் சேர்த்து மேசையில் எழுதியிருக்கிறார்கள். குழந்தை நாற்காலி மேசையோரமாக வைப்பது, பத்தில் ஒன்றாகக் கணக்கில் வராது என்று அந்த ஹோட்டல் சொல்லியிருந்தால் அதை எடுத்துவிட்டுக் குறிப்பில் எழுத வேண்டும். கணக்கில் வரும் என்றால் H-ஐ ஆறாக்க வேண்டும். இங்கே முதலாவது என்று வைத்துக்கொள்வோம்.

ஐந்து, நான்கு, இரண்டு, ஒன்று. பன்னிரண்டும் கிடைத்துவிட்டது. ஆனால் வடிகட்டியில் ஐந்தாவதாக K091 நிற்கிறது, +3. மூன்று பேருக்கு நாற்காலி இல்லை என்கிறது. மேசை தாளின் D நெடுவரிசையைப் பார்த்தால் ஒரு வரிசையில் "எண் இல்லை". அங்கே K91 என்று எழுதியிருக்கிறார்கள், நடுவில் உள்ள பூஜ்யம் விட்டுப்போயிற்று. நாற்காலி உண்மையில் இருக்கிறது, அது யாருடையது என்றுதான் தெரியவில்லை. மொத்தக் கணக்கை இந்தத் தவறு சிறிதும் அசைக்கவில்லை. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் இதைக் கடைசி வரை கண்டுபிடிக்க மாட்டார். வாசலில் அந்த வீட்டார் வந்து நிற்கும்போதுதான் பட்டியலில் மேசை எண் இல்லாமல் விழிப்பார்கள்.

திருத்திய பிறகு வருவோர் 271 கூட்டல் 4, ஆக 275. மேசையில் 283-இலிருந்து 5, 2, 1 கழித்தால் அதுவும் 275. J முழுவதும் பூஜ்யம், D முழுவதும் காலி. அப்போதுதான் எண்ணிக்கை தயார்.

அறிகுறி: எண்ணிக்கை சரி, ஆனால் மேசைகள் போதவில்லை

275 பேர், மேசைக்குப் பத்து. வகுத்தால் 28 மேசை போதும் என்று தோன்றும். உட்கார வைத்துப் பார்த்தால் போதாது, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளைப் பிரிக்க முடியாது. நான்கு பேர் வீடுகள் இரண்டைச் சேர்த்தால் எட்டு. மிச்சம் இரண்டுக்கு அவர்களைத் தெரிந்த ஒரு தம்பதி வேண்டும். அப்படிப்பட்ட மேசை பத்து இருந்தால் பத்துத் தம்பதிகள் வேண்டும். மூன்று பேர் வீடுகள் மூன்றைச் சேர்த்தால் ஒன்பது, தனியாக வரும் ஒருவர் வேண்டும்.

அதனால் பெரிய வீடுகளை முதலில் உட்கார வையுங்கள். ஆறும் ஐந்தும் கொண்டவை இடம் பிடித்த பிறகு நான்கு, பிறகு மூன்று. தம்பதிகளையும் தனியாக வருபவர்களையும் கடைசிவரை கையில் வைத்திருந்து இடைவெளிகளை நிரப்புங்கள். பலர் முதலில் அலுவலக நண்பர்களைப் போட்டு முடித்துவிடுகிறார்கள், அங்கேதான் மேசை வீணாகிறது. மேசைக்கு எத்தனை பேர் ஆனது என்பதை, மேசை தாளில் F நெடுவரிசையில் 1 முதல் 30 வரை எழுதி, பக்கத்தில் இப்படிப் பார்க்கலாம்:

```
=SUMIFS(C:C, A:A, F2)
```

எல்லா மேசையையும் பத்தாக்குவது நல்லது என்று நான் நினைக்கவில்லை. மணமேடைக்கு முன்னால் இருக்கும் நெருங்கிய உறவு மேசைகள் நிறைந்திருக்கட்டும். பின்னால் உள்ளவற்றில் ஒன்பதோடு நிறுத்துங்கள். ஜோகூரிலிருந்து வருபவர்கள் கடைசி நேரத்தில் கூட ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வாரக் கடைசியில் சோதனைச் சாவடியில் நெரிசல் என்றால் தாமதமாகவும் வருவார்கள். அவர்களை ஒரே மேசையில் கும்பலாகப் போட்டால் விருந்து தொடங்கும்போது அந்த மேசை முழுதும் வெறுமையாக இருக்கும். இரண்டு மூன்று மேசைகளில், வாசலுக்குப் பக்கமாகப் பகிர்ந்து போடுங்கள்.

சைவம் மேசைக் கணக்கை எவ்வளவு பாதிக்கும் என்பது பரிமாறும் முறையைப் பொறுத்தது. பஃபே என்றால் I நெடுவரிசையின் மொத்தம் மட்டும் ஹோட்டலுக்குப் போதும், யாரும் எங்கும் உட்காரலாம். மேசைக்கு மேசை பரிமாறுவது என்றால் சைவ வீடுகளைச் சேர்த்துச் சைவ மேசை ஆக்குவதா, கலந்த மேசையில் தனித் தட்டு கேட்பதா என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். மலாய் அண்டை வீட்டாருக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கும் சைவ மேசை போதும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. சமையலறைக்கு முயிஸ் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று ஹோட்டலிடம் கேட்டுவிட்டு, இல்லையென்றால் அவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதைப் பேசி, அந்தந்த வரிசையின் குறிப்பில் "ஹலால்" என்று எழுதுங்கள்.

அறிகுறி: ஒருவர் எண்ணை அழைத்தால் வேறொருவர் எடுக்கிறார்

யாரோ ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். பெயர்கள் இடம் மாறின, கைபேசி எண்ணும் பதிலும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. கையால் திருத்தத் தொடங்காதீர்கள். `File → Version history → See version history` திறந்து, கடைசியாகச் சரியாக இருந்த பதிப்பைப் பாருங்கள். அதன் பிறகு வந்த பதில்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தப் பதிப்பை மீட்டு, குறித்தவற்றை மறுபடி இடுங்கள்.

இனி வராமலிருக்க, பார்க்க விரும்புகிறவர்கள் `Data → Create filter view` வழியாகத் தங்களுக்கென ஒரு பார்வை வைத்துக்கொள்ளலாம். அதில் வரிசைப்படுத்தினால் ஒரு வரிசை முழுதும் சேர்ந்தே நகரும், மற்றவர் திரையும் மாறாது.

அறிகுறி: வரவேற்பு மேசையில் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை

தமிழிலும் ஆங்கில எழுத்திலும் கலந்து பெயர் எழுதியிருந்தால், வரிசைப்படுத்தும்போது ஆங்கில எழுத்துப் பெயர்கள் எல்லாம் ஓரிடத்திலும் தமிழ் எழுத்துப் பெயர்கள் எல்லாம் இன்னோரிடத்திலும் போய் நிற்கும். சீன நண்பர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். வரவேற்பில் நிற்பவர் அதைக் கடைசிப் பெயர் என்று தேடுவார். "அப்பா ஆபீஸ் நண்பர்" என்று எழுதிய வரிசையை அப்பாவைத் தவிர யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வாசலுக்கென்று தனியாக ஒரு தாள் அச்சிடுங்கள். அழைப்பிதழ் உறையில் எழுதிய பெயர் அப்படியே, எல்லாம் ஒரே எழுத்தில், அகர வரிசையில். பக்கத்தில் மேசை எண், எத்தனை பேர், வந்தவர் எத்தனை என்று எழுத ஒரு காலிக் கட்டம். கைபேசி எண்களை அந்தத் தாளில் போட வேண்டாம், அது பலர் கைக்குப் போகும். இரண்டு மேசைகளுக்கு மட்டும் "இருப்பு" என்று பெயர் வைத்து, பட்டியலில் இல்லாமல் வந்து நிற்பவர்களை அங்கே அழைத்துப்போகும் பொறுப்பை, இரு பக்கத்து உறவையும் முகம் பார்த்தே அறிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.